வீட்டுக் கேமராவை யார் யார் பார்க்கலாம்? குடும்பத்துக்கு அனுமதி கொடுக்கும் முறையும் திரும்பப் பெறும் முறையும்

வீட்டில் நான்கு கேமரா போட்டு முடிக்கும் அன்று மாலை பெரும்பாலும் நடப்பது இதுதான். டெக்னீஷியன் அப்பாவின் போனில் ஆப்பை இறக்கி, ஒரு கணக்கைத் தொடங்கி, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அன்றிரவே அந்தச் சீட்டின் போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். மகன், மகள், மருமகன் எல்லாரும் அதே லாகினைப் போட்டுப் பார்ப்பார்கள். சில மாதம் கழித்து டிரைவருக்கோ வீட்டு உதவியாளருக்கோ கேட் கேமரா தேவைப்படும்போது அவர் போனிலும் அதே லாகின்தான் ஏறும்.

சிக்கல் அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் தெரியும். ஒரே லாகினில் ஆறு போன்கள் இருந்தால் ஆறு பேரும் கேமராவுக்கு ஒரே ஆள்தான். அதில் ஒருவரை மட்டும் எடுக்க வழியில்லை. எல்லாருக்கும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும், மாற்றினாலும் பழைய போன் உடனே வெளியேறிவிடும் என்ற உறுதி இல்லை. 2018 மே மாதம் அமெரிக்காவில் இது செய்தியாகவே வந்தது. மியாமியில் ஒருவர் ரிங் நிறுவனத்தின் அழைப்புமணிக் கேமராவுக்குப் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும், பிரிந்துபோன துணைவர் தன் போனிலிருந்து தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே உள்ளே இருந்த போனை ஆப் வெளியேற்றவில்லை என்பதே காரணம்.

ஆகவே ஆளுக்கொரு கணக்கு வேண்டும், ஒவ்வொரு கணக்குக்கும் தேவையான அளவு மட்டும் அனுமதி வேண்டும். அதை எப்படி அமைப்பது என்பதை நம் ஊர் வீடுகளில் பரவலாக இருக்கும் ஒரு அமைப்பை வைத்துப் பார்ப்போம்: கேமராப் படங்களைப் பதிவு செய்யும் ஹிக்விஷன் டிவிஆர் ஒன்று, அதில் நான்கு கேமரா, போனில் Hik-Connect ஆப். வேறு நிறுவன டிவிஆர் என்றாலும் வழி ஏறத்தாழ இதுவே. மெனுவின் பெயர்கள் மட்டும் ஆப்பின் பதிப்புக்கு ஏற்பக் கொஞ்சம் மாறியிருக்கும்.

எடுத்துக்கொள்ளும் வீடு

தஞ்சாவூரில் ஒரு வீடு. வயதான அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் பகலில் வருகிறார். கேமரா 1 கேட், 2 போர்ட்டிகோ, 3 கொல்லைப்புறம், 4 ஹால். ஹால் கேமரா அப்பா கீழே விழுந்துவிட்டால் தெரிவதற்காக வைத்தது.

முதலில் சாதனம் யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு டிவிஆர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆப் கணக்கோடுதான் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு வைத்திருப்பவர்தான் அதன் சொந்தக்காரர். மற்றவர்கள் எல்லாம் அவர் பகிர்ந்து கொடுத்துப் பார்ப்பவர்கள். பல வீடுகளில் அந்தச் சொந்தக்காரர் கணக்கு கேமரா போட்டுக்கொடுத்தவருடையதாகவே இருக்கும். அவசரத்தில் அவர் தன் போனில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்காரருக்குப் பகிர்ந்துவிட்டுப் போயிருப்பார். வீட்டுக்காரருக்குப் படம் தெரிவதால் சந்தேகமே வராது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. உங்கள் ஆப்பில் சாதனத்தின் பெயருக்கு அருகே யாரோ பகிர்ந்தது என்ற குறி இருந்தாலோ, பிறருக்குப் பகிரும் வசதியே காட்டாவிட்டாலோ, நீங்கள் சொந்தக்காரர் இல்லை. புதிதாகச் சேர்க்க முயலும்போது வேறொரு கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்தாலும் பொருள் அதுதான். டெக்னீஷியனைக் கூப்பிட்டு அவர் ஆப்பிலிருந்து சாதனத்தை நீக்கச் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால், டிவிஆர் இணைந்திருக்கும் அதே வீட்டு வைஃபையில் உங்கள் போனையும் இணைத்துக்கொண்டு, பழைய கணக்கிலிருந்து கட்டை அவிழ்க்கும் Unbind வசதியைப் பயன்படுத்தலாம். அதற்கு டிவிஆரின் `admin` பாஸ்வேர்டு கேட்கும். அதுவும் உங்களிடம் இல்லையென்றால் டெக்னீஷியனுக்கு மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் கணக்கு யாருடையதாக இருக்க வேண்டும்? தஞ்சாவூர் வீட்டில் மகள் பெயரில் இருப்பது நல்லது. அப்பாவின் போனில் ஓடிபி வந்தால், "ஐயா, ஆப்ல ஒரு நம்பர் கேக்குது, உங்க போனுக்கு வந்திருக்கும் பாருங்க" என்று யார் கேட்டாலும் அவர் வாசித்துக் காட்டிவிடுவார். அது அவர் தவறில்லை. கண்ணெதிரே நிற்கும் ஆளை நம்புவது அவர் இயல்பு, அதனால் அந்தப் பொறுப்பையே அவரிடம் விடாமல் இருப்பது மேல். மகன் பெயரில் வைத்தால் வேறொரு சிக்கல்: கணக்கை இந்திய எண்ணில் தொடங்கிவிட்டு வெளிநாட்டில் அந்த சிம்மைப் பயன்படுத்தாமல் விட்டால் எண் முடங்கி, பிறகு வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். யார் பெயரில் இருந்தாலும் கணக்கை நிலையான மின்னஞ்சலில் தொடங்கி, அந்த மின்னஞ்சலுக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். மின்னஞ்சலைப் பிடித்தவர் கேமராக் கணக்கின் பாஸ்வேர்டை நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆளுக்கு ஏற்ற அனுமதி

பகிர்வதற்கு முன்பு ஒவ்வொருவரும் தங்கள் போனில் தங்கள் மின்னஞ்சலிலோ எண்ணிலோ சொந்தமாக ஒரு கணக்கைத் தொடங்க வேண்டும். பிறகு சொந்தக்காரர் ஆப்பில் சாதனத்தைத் தேர்ந்து Share என்பதைத் தொட்டு, அவருடைய கணக்கைத் தட்டச்சு செய்தோ அவர் போனில் காட்டும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தோ பகிரலாம். அடுத்து வரும் பக்கத்தைத்தான் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எந்தெந்த கேமரா, அதில் என்னென்ன செய்யலாம் என்று கேட்கும் பக்கம் அது. நேரடிப் படம், பழைய பதிவு, எச்சரிக்கை அறிவிப்பு, இருவழிப் பேச்சு, கேமராவைத் திருப்புவது என ஒவ்வொன்றும் தனித்தனித் தேர்வு.

மகனுக்கு நான்கு கேமராவும், நேரடிப் படமும் பழைய பதிவும் எச்சரிக்கையும் கொடுக்கலாம். அப்பாவுக்கு நான்கும் கொடுத்து நேரடிப் படம் மட்டும் போதும். அறிவிப்பைக் கொடுத்தால் கேட் அருகே நாய் போகும்போதெல்லாம் போன் அலறும், அவர் ஆப்பையே நீக்கிவிடுவார். உதவியாளருக்கு கேட் கேமரா ஒன்றின் நேரடிப் படம் மட்டும். அழைப்புமணி அடித்தால் யார் என்று பார்ப்பதுதான் அவர் தேவை. பழைய பதிவைக் கொடுத்தால் வீட்டில் யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள், எந்தக் கிழமை வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற கணக்கு முழுவதும் அவர் கைக்குப் போகும். நாம் அவரை நம்பினாலும் அவர் போன் தொலைந்துபோகலாம், அல்லது வேறொருவர் கைக்குப் போகலாம்.

ஹால் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா துணி மாற்றுவதும் அப்பாவுக்கு உடம்பு துடைப்பதும் அந்த ஹாலில்தான் நடக்கும். அதைப் பார்க்கும் அனுமதி மகனுக்கும் மகளுக்கும் அப்பாவுக்கும் தவிர வேறு யாருக்கும் வேண்டாம். மருமகன், மருமகள் உட்பட. அம்மாவிடம் கேட்காமல் அந்த கேமராவை யாருக்கும் பகிரவும் கூடாது. பார்க்கப்படுகிறவர் அவர்தான். உதவியாளருக்கும் ஹாலில் கேமரா இருப்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பகிர்ந்து முடித்ததும் அந்தந்தப் போனை வாங்கித் திறந்து பாருங்கள். உதவியாளர் போனில் ஒரே ஒரு படம்தான் தெரிய வேண்டும். நான்கு சட்டங்கள் தெரிந்தால், தேர்வு செய்யும் பக்கத்தில் எல்லா கேமராவும் முன்கூட்டியே டிக் ஆகியிருந்திருக்கும். சொந்தக்காரர் ஆப்பில் போய்த் திருத்துங்கள்.

டிவிஆருக்குள் இன்னொரு சாவி இருக்கிறது

ஆப்பில் செய்தது ஒரு கதவு மட்டும். டிவிஆருக்குள் தனியாகப் பயனர் பட்டியல் உண்டு. டிவியோ மானிட்டரோ இணைத்து மவுஸ் வைத்துப் பார்ப்பவர், கம்ப்யூட்டரில் ஹிக்விஷனின் iVMS-4200 மென்பொருளைப் போட்டுப் பார்ப்பவர், ஒரே நெட்வொர்க்கில் நேரடியாக இணைபவர் எல்லாரும் இந்தக் கதவு வழியாக வருகிறவர்கள். இதன் தலைச்சாவி `admin`.

டிவிஆர் மெனுவில் System, அதில் User என்ற இடத்தில் இந்தப் பட்டியல் இருக்கும். பழைய மாடலில் Configuration என்பதற்குள் இருக்கும். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது Operator, Guest என்று இரண்டு நிலை காட்டும். Operator நிலைக்கு கேமரா தொடர்பான எல்லா அனுமதியும் இருவழிப் பேச்சும் தானாகவே கிடைத்துவிடும். Guest நிலைக்கு அது இல்லை, ஆனால் பழைய பதிவைப் பார்க்கும் அனுமதி தானாகவே இருக்கும். விருந்தினர் என்ற பெயரை நம்பி அப்படியே விட்டால், பார்க்கக்கூடாத பதிவு கைக்குப் போகும். எதைத் தேர்ந்தாலும் அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு கேமராவாக டிக்கை எடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

தஞ்சாவூர் வீட்டில் ஹால் டிவியில் படம் பார்க்க ஒரு Guest போதும், நேரடிப் படத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்து. `admin` பாஸ்வேர்டு மகளிடமும் மகனிடமும் மட்டும் இருக்கட்டும். டிவிஆரைத் திறக்கக் கோடு இழுக்கும் பேட்டர்ன் வைத்திருந்தால் அதுவும் `admin` சாவிதான் என்பதை மறக்க வேண்டாம். ஹாலில் உட்கார்ந்து ஒரு முறை பார்த்தவருக்கே அந்தக் கோடு மனப்பாடம் ஆகிவிடும். எடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது சாவி Verification Code. டிவிஆரில் Network மெனுவுக்குள் Platform Access பக்கத்தில் நீங்களே வைப்பது, சில சாதனங்களில் அடியில் ஒட்டிய லேபிளிலேயே அச்சாகியிருப்பது. அதே பக்கத்தில், படத்தை மறைகுறியாக்கி அனுப்பும் Stream Encryption இயக்கியிருந்தால், தொலைவிலிருந்து படம் பார்க்க இந்தக் குறியீடும் தேவை. லேபிளை யாரும் ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்பதால் அச்சிட்ட குறியீட்டை அப்படியே வைத்துக்கொள்ளாமல் மாற்றுங்கள்.

ஒருவர் போகும் நாளில்

எட்டு மாதம் கழித்து உதவியாளர் வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சண்டையோ மனவருத்தமோ இல்லை. ஆனாலும் அனுமதியை அவர் கிளம்பும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளக்கூடாது. வரிசை முக்கியம்.

1. சொந்தக்காரர் ஆப்பில் பகிர்வுகளின் பட்டியலைத் திறந்து அவர் கணக்கை நீக்குங்கள். ஆளுக்கொரு கணக்கு என்று ஆரம்பித்திருந்தால் பெரும்பகுதி வேலை இந்த ஒரே படியில் முடிந்துவிடும், வேறு யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

2. அந்தப் பட்டியலில் இருக்கும் மற்றப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். யார் என்று தெரியாத எண் இருந்தால் அதையும் நீக்குங்கள். உரிமையுள்ளவர் என்றால் அவரே கூப்பிட்டுக் கேட்பார்.

3. சொந்தக்காரர் கணக்கு அவர் போனில் ஒருமுறையாவது ஏறியிருந்தால் அதன் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பிறகு கணக்குப் பாதுகாப்புப் பக்கத்தில், லாகின் ஆகியிருக்கும் சாதனங்களின் பட்டியலில் இருந்து அவர் போனைத் தனியாக நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுவதும் போனை வெளியேற்றுவதும் வெவ்வேறு வேலை. மியாமி சம்பவத்தில் தவறிய இடம் இதுதான்.

4. அவர் டிவிஆர் அருகே வேலை பார்த்திருந்தால் `admin` பாஸ்வேர்டை மாற்றுங்கள், User பட்டியலில் அவருக்காக வைத்த பெயரை அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் மீட்க உதவும் GUID கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தால், மாற்றிய பிறகு புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு பழையதை அழித்துவிடுங்கள்.

5. Verification Code அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

6. வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். டிவிஆர் ரவுட்டரோடு வயரில் இணைந்திருந்தால் கேமராவுக்கு எதுவும் ஆகாது. வைஃபை கேமரா என்றால் ஒவ்வொன்றையும் புதிய பாஸ்வேர்டில் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இதில் பலர் முதல் படியை விட்டுவிட்டு நான்காவதை மட்டும் செய்கிறார்கள். `admin` பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம், இனி யாரும் பார்க்க முடியாது என்று நினைப்பார்கள். ஆப் வழியாகப் பகிர்ந்த அனுமதி நிறுவனத்தின் சர்வரில் கணக்கோடு கணக்காகக் கட்டப்பட்டிருக்கிறது. டிவிஆரின் பாஸ்வேர்டு மாறினாலும் அந்தப் பகிர்வு அப்படியே இருக்கும்.

மாற்றிய மறுநாள் இரண்டு தொலைபேசி அழைப்புகளை எதிர்பார்க்கலாம். Verification Code மாறியதால் அப்பா போனில் படம் வராமல், மறைகுறியீடு என்று சொல்லிக் குறியீட்டைக் கேட்கும். "கேமரா கெட்டுப்போச்சும்மா" என்பார். புதிய குறியீட்டை ஒருமுறை தட்டச்சு செய்தால் சரியாகிவிடும். இன்னொன்று வீட்டுக் கம்ப்யூட்டர். பழைய `admin` பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும் மென்பொருள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். டிவிஆர் அதைத் திருட்டு முயற்சி என்று எடுத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் பூட்டிவிடும். பிறகு சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் ஏற்காது. மென்பொருளை மூடிவிட்டு அரை மணி நேரம் பொறுத்து, புதியதைப் பதிந்து திறந்தால் போதும்.

ரவுட்டரில் பழைய ஓட்டை

சில வருடங்களுக்கு முன்பு போட்ட டிவிஆர் என்றால் இதையும் ஒருமுறை பாருங்கள். அந்தக் காலத்தில் ஆப் வழிக்குப் பதிலாக, ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து நேரடியாக இணைக்கும் வழக்கம் இருந்தது. ரவுட்டர் அமைப்பில் Port Forwarding பக்கத்தில் 80, 554, 8000 ஆகிய எண்கள் டிவிஆரின் முகவரிக்குத் திருப்பப்பட்டிருந்தால், ஆப்பில் யாரை நீக்கினாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. `admin` பாஸ்வேர்டு தெரிந்தவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் இப்படி ஒரு முகவரியைப் போட்டு முதல் கேமராவைப் பார்க்கலாம்:

```
rtsp://admin:password@ADDRESS:554/Streaming/Channels/101
```

இந்த வழியில் ஆப்பில் எந்தத் தடயமும் இருக்காது. அந்த வரிகளை அழித்துவிடுங்கள், சாதனங்கள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் UPnP இயக்கத்தில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அழித்த பிறகு மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்தால் படம் வழக்கம்போல வர வேண்டும். வராவிட்டால், அதுவரை உங்கள் ஆப்பும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது என்று பொருள். Platform Access பக்கத்தில் Hik-Connect-ஐ இயக்கி, சாதனத்தை அந்த வழியில் சேருங்கள்.

டிவிஆர் இல்லாமல் தனி வைஃபை கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதே போன்ற பின்கதவு உண்டு. டேப்போ கேமராவில் Advanced Settings-க்குள் Camera Account என்று ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரிலோ ரெக்கார்டரிலோ பார்ப்பதற்காகத் தனியாக வைக்கும் பெயரும் பாஸ்வேர்டும் அது. ஆப்பில் பகிர்வை நீக்கினாலும் இது மாறாது. வீட்டு வைஃபையில் இருப்பவர் இதை வைத்துப் பார்க்க முடியும். யாராவது அதைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

நீங்கியதா என்று எப்படி உறுதி செய்வது

போனவரின் போனைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது எப்போதும் முடியாது. அதனால் முன்கூட்டியே ஒரு ஒத்திகை செய்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய போனில் வேறொரு மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, கேட் கேமராவை அதற்குப் பகிருங்கள். மொபைல் டேட்டாவில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொந்தக்காரர் ஆப்பில் அதை நீக்குங்கள். சாதனம் பட்டியலிலிருந்து எப்போது மறைகிறது, ஓடிக்கொண்டிருந்த படம் எப்போது நிற்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். சில ஆப்களில் ஏற்கெனவே ஓடும் படம் அவர் மூடித் திறக்கும் வரை ஓடக்கூடும். அப்படி நடந்தால், நீக்கியதும் டிவிஆரை ஒருமுறை அணைத்துப் போடுவதையும் உங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்து, புதிதாகக் கேட்கும்போது அனுமதி இருக்காது.

அலெக்சா, கூகுள் ஹோம் போன்றவற்றோடு கேமராவை இணைத்திருந்தால் அங்கேயும் பாருங்கள். இணைக்கும்போது கொடுத்த அனுமதி தனியாக நிற்கும். வீட்டை விட்டுப் போனவரின் கணக்கில் இணைத்திருந்தால் அவர் வேறு ஊரிலிருக்கும் ஸ்பீக்கர் திரையிலும் உங்கள் கேட் தெரியலாம். இணைத்த சேவைகளின் பட்டியலிலிருந்து அதை அவிழ்க்க வேண்டும்.

திரும்பப் பெற முடியாதது ஒன்றுதான்: அவர் தன் போனில் ஏற்கெனவே சேமித்த படங்களும் வீடியோவும். அனுமதியை எடுத்தாலும் அவை அவரிடமே இருக்கும். உதவியாளருக்குப் பழைய பதிவைக் கொடுக்க வேண்டாம், ஹாலைப் பகிர வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னதற்கு இதுவே பெரிய காரணம்.

போகிறவர் சொந்தக்காரராக இருந்தால்

மகள் பொறுப்பை மகனுக்கு மாற்ற நினைத்தாலும், வாடகை வீட்டில் டிவிஆரை விட்டுவிட்டுப் போனாலும், பிரிந்துபோகும் தம்பதியில் கணக்கு வைத்திருப்பவர் வெளியேறினாலும் முறை ஒன்றே. முதலில் பகிர்வுகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். அடுத்து சொந்தக்காரர் ஆப்பிலிருந்து சாதனத்தையே நீக்குங்கள். சாதனத்தை வேறு கைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யுங்கள், பிறகு டிவிஆரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால், டிவிஆர் புதிது போலத் தெரியும், ஆனால் சர்வரில் அது பழைய கணக்கோடுதான் கட்டப்பட்டிருக்கும். புதிதாக வாங்கியவர் ஆப்பில் சேர்க்கும்போது, வேறொரு கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது என்ற அதே செய்தி வரும். மகன் தன் கணக்கில் சாதனத்தைச் சேர்த்ததும் அப்பாவுக்கும் அக்காவுக்கும் புதிதாகப் பகிர வேண்டும். பழைய பகிர்வுகள் புதிய கணக்குக்குக் கூடவே வராது.